நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி வருடத்துக்கு எத்தனை வீதம்?

கேள்வி: அண்ணா, பெரும்போக விதைப்புக்கு ஒக்டோபர் 10 அளவில் மூன்று லட்சம் தேவை, மனைவியின் சங்கிலியை ஈடு வைக்கப் போகிறேன். அறுவடை முடிந்து மார்ச் நடுப்பகுதியில் மீட்டுவிடுவேன். செங்கலடியில் ஒரு அடகுக்கடையில் நூற்றுக்கு ஒன்றேகால் என்கிறார்கள். வங்கியில் வருசத்துக்கு 16 வீதமாம். ஒன்றேகாலை 12ஆல் பெருக்கினால் 15 தானே, அப்ப கடைதானே குறைவு? அப்படிப் பெருக்கக் கூடாது, 16க்கு மேலே போகும் என்று மச்சான் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

தம்பி, இரண்டு பேருடைய கணக்கிலும் பிழை இல்லை, ஆனால் உங்கள் சங்கிலிக்கு இரண்டுமே பொருந்தாது. மார்ச் 14ஆம் திகதி மீட்பதாக வைத்தால் அந்தக் கடையில் உங்களுக்கு விழப்போவது வருடத்துக்கு 17.7 வீதம். வங்கியை விடக் கூட. அது எப்படி என்று சொல்வதற்கு முதல் உங்கள் இரண்டு பேருடைய சண்டையைத் தீர்த்துவிடுகிறேன்.

நூற்றுக்கு ஒன்றேகால் என்றால் நூறு ரூபாவுக்கு மாதம் ஒரு ரூபா 25 சதம். நீங்கள் செய்தது சாதாரண வட்டிக் கணக்கு, 1.25 × 12 = 15. மச்சான் செய்தது கூட்டு வட்டி: ஒவ்வொரு மாதமும் கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து அடுத்த மாதம் அதற்கும் வட்டி ஓடினால் ஒரு வருட முடிவில் எவ்வளவு என்று பார்ப்பது. கைபேசியில் உள்ள எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=(1.0125^12-1)*100
```

16.08 வரும். மச்சான் சொன்னது இந்தக் கணக்கைத்தான். ஆனால் அடகுச் சீட்டில் பொதுவாக அப்படி நடப்பதில்லை. சீட்டு ஓடும் காலம் முழுக்க நீங்கள் எடுத்த மூன்று லட்சத்துக்குத்தான் வட்டி, மாதம் 3,750 ரூபா. இரண்டாம் மாதமும் 3,750, ஐந்தாம் மாதமும் 3,750. கட்டாமல் விட்ட வட்டிக்கு வட்டி ஏறுவது சீட்டை மாற்றி எழுதும்போதுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆகவே ஒரே சீட்டில் வைத்து ஒரே தடவையில் மீட்கிற ஆளுக்கு 12ஆல் பெருக்குவதுதான் நெருக்கமான வழி. மச்சானுடைய முறை வேறு இடத்தில் உதவும். தெரிந்தவர்களிடம் நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு ஐந்து என்று கைமாற்று எடுத்து, மாத வட்டியைக் கட்ட முடியாமல் அதையும் கடனோடு சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு 36 வீதம் 42.6 ஆகும், 60 வீதம் 79.6 ஆகும். அங்கே வித்தியாசம் பயங்கரம். உங்கள் ஒன்றேகாலில் அது ஒரு வீதம் சொச்சம்தான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் மாதத்தை எண்ணும் விதத்தில் இருக்கிறது, அதை நீங்களும் பார்க்கவில்லை, மச்சானும் பார்க்கவில்லை.

அடகுக்கடையில் வழக்கமாக வட்டி மாதக் கணக்கு. அதாவது ஒரு மாதம் முடிந்து ஒரே ஒரு நாள் கூடினாலும் அடுத்த மாதத்து வட்டி முழுசாக விழும். வங்கியில் வருட வீதம் சொன்னால் வழக்கமாக அதை 365ஆல் பிரித்து நீங்கள் வைத்திருந்த நாட்களுக்கு மட்டும் போடுவார்கள். எல்லாக் கடையும் அப்படி, எல்லா வங்கியும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை, கவுண்டரில் நின்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போதைக்கு இப்படித்தான் என்று வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைப் போடுவோம்.

ஒக்டோபர் 10இல் வைத்து மார்ச் 14இல் மீட்கிறீர்கள். பெப்ரவரிக்கு 28 நாள் என்று எடுத்தால் மொத்தம் 155 நாள். விரல் விட்டு எண்ணினால் பிழைக்கும், இதையும் ஷீட்டிலேயே போடலாம்:

```
=DATE(2026,3,14)-DATE(2025,10,10)
```

வருடத்தை மட்டும் உங்களுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். வங்கியில் மூன்று லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 48,000 ரூபா. அதை 365ஆல் பிரித்து 155ஆல் பெருக்க 20,384 ரூபா வருகிறது. கடையில் மார்ச் 10ஆம் திகதியோடு ஐந்து மாதம் முடிந்துவிட்டது, நீங்கள் போனது 14ஆம் திகதி, அந்த நாலு நாளுக்காக ஆறாம் மாத வட்டியும் சேரும். 3,750 × 6 = 22,500 ரூபா. 15 வீதக் கடை 16 வீத வங்கியை விட 2,116 ரூபா கூட எடுத்துவிட்டது. ஒரு யூரியா மூட்டையின் விலை என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த 22,500ஐ வருட வீதமாக்குவது சுலபம். மூன்று லட்சத்தில் அது 7.5 வீதம், ஆனால் 155 நாளுக்கு. 365 நாளுக்கு எவ்வளவு? 7.5 × 365 ÷ 155 = 17.66. நான் மேலே சொன்ன 17.7 இதுதான். எந்தக் கடைக்கும் எந்த வங்கிக்கும், அவர்கள் மாதக் கணக்குச் சொன்னாலும் நாள் கணக்குச் சொன்னாலும், இந்த ஒரு சூத்திரம் போதும்:

```
வருட வீதம் = (கூடக் கட்டிய பணம் ÷ கையில் வாங்கிய பணம்) × (365 ÷ நாட்கள்) × 100
```

அதே கடையில் நாலு நாள் முந்தி, மார்ச் 10ஆம் திகதியே மீட்டிருந்தால் கதையே வேறு. 151 நாள், ஐந்து மாத வட்டி 18,750 ரூபா, வருட வீதம் 15.1. வங்கியில் அதே 151 நாளுக்கு 19,858 ரூபா. அப்போது கடைதான் 1,108 ரூபா குறைவு. ஆகவே கடை நல்லதா வங்கி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது, எந்தத் திகதியில் மீட்பீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், கடையின் ஒரு மாத வட்டி 3,750 ரூபா, வங்கியின் ஒரு நாள் வட்டி 131 ரூபா 50 சதம் அளவில். ஒன்றை மற்றதால் பிரித்தால் இருபத்தெட்டரை வரும். அதாவது கடையில் ஒரு மாத வட்டி கட்டுவதும் வங்கியில் இருபத்தெட்டரை நாள் வட்டி கட்டுவதும் ஒன்று. ஆறு மாத வட்டிக்கு இது 171 நாள். அதனால் உங்கள் விஷயத்தில் மார்ச் 2 முதல் 10 வரைக்கும் மீட்டால் கடை லாபம், 11 முதல் 30 வரைக்கும் வங்கி லாபம், 31ஆம் திகதி முதல் ஏப்ரல் 10 வரைக்கும் திரும்பவும் கடை லாபம். ஏப்ரல் 11 விடிந்தால் ஏழாம் மாதம் தொடங்கிவிடும், மறுகா வங்கிதான். முழு வருடம் வைத்திருக்கிறவருக்கு இந்த உருட்டு ஒன்றும் இல்லை, கடையில் 45,000, வங்கியில் 48,000, நேரே கடைக்குப் போகலாம். குறுகிய காலத்துக்கு வைக்கிறவருக்குத்தான் அடி. பத்து நாளில் மீட்கிறேன் என்று வைத்தால் கடையில் ஒரு மாத வட்டி 3,750, வங்கியில் 1,315. அந்தப் பத்து நாளுக்குக் கடையின் வருட வீதம் 45.6 என்று வரும், அதே நூற்றுக்கு ஒன்றேகால்தான். வங்கியிலும் ஆகக் குறைந்தது இத்தனை நாள் வட்டி என்று ஒரு விதி இருக்கலாம், மிகக் குறுகிய காலத்துக்கு என்றால் அதையும் கேளுங்கள்.

நம்ம பக்கம் பெரும்போக வெட்டு மழையையும் வெட்டு மெசினையும் பார்த்துத்தான் நடக்கும். வெட்டினாலும் நெல்லு ஈரமாக இருந்தால் வியாபாரி விலையைக் குறைப்பான், காயவைத்து விற்க இன்னும் நாள் போகும், விற்ற காசு கைக்கு வர ஒரு கிழமை. மார்ச் 10க்குள் மீட்பேன் என்று ஒக்டோபரிலேயே அடித்துச் சொல்ல ஏலுமா என்று நீங்களே யோசியுங்கள். திகதி நிச்சயமில்லாத ஆளுக்கு நாள் கணக்கு வட்டிதான் ஏற்றது, வீதம் ஒரு புள்ளி கூடவாக இருந்தாலும். இது என் அபிப்பிராயம். மாதச் சம்பளக்காரருக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன், அவருக்கு எந்தத் திகதியில் காசு வரும் என்று தெரியும்.

எல்லாக் கடையும் முழு மாதம் எடுப்பதில்லை. சில இடத்தில் 15 நாள் வரைக்கும் அரை மாத வட்டி. அப்படியென்றால் உங்களுக்கு ஐந்தரை மாதம், 20,625 ரூபா, வருட வீதம் 16.2, வங்கியோடு கிட்டத்தட்டச் சமம். இதைவிட மோசமான முறையும் ஒன்று உண்டு, திகதிக்குத் திகதி எண்ணாமல் கலண்டர் மாதத்தை எண்ணுவது. ஒக்டோபர் 25இல் வைத்து நவம்பர் 3இல் மீட்டால் ஒன்பதே நாள்தான், ஆனால் ஒக்டோபர் ஒன்று நவம்பர் ஒன்று என்று இரண்டு மாத வட்டி. வைக்கும்போதே "மாசம் எண்டால் திகதிக்குத் திகதியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்தது கையில் வாங்கிய பணம் என்று சூத்திரத்தில் எழுதியிருக்கிறேனே, அது சீட்டில் எழுதியிருக்கும் தொகை இல்லை. சீட்டில் முற்பணம் 300,000 என்று இருக்கும். முதல் மாத வட்டியைக் கழித்துவிட்டுத்தான் தருவோம் என்றால் 3,750 போய் 296,250. சேவைக் கட்டணம், நகை சோதிக்கும் கட்டணம் என்று இன்னொரு 1,500 கழித்தால் 294,750 தான் உங்கள் கைக்கு வரும். மீட்கும்போது 300,000உம் மிச்சம் ஐந்து மாத வட்டி 18,750உம் சேர்த்து 318,750 கட்டுவீர்கள். 318,750இல் 294,750ஐக் கழித்தால் 24,000, அதுதான் நீங்கள் கூடக் கட்டியது. அதை 294,750ஆல் பிரித்து 155 நாளுக்கு வருட வீதமாக்கினால் 19.2. ஒன்றேகாலில் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். இதில் முதல் மாத வட்டியை முன்கூட்டி எடுப்பதால் ஏறுவது கொஞ்சம்தான், கட்டணம் போடுவதால் ஏறுவதுதான் அதிகம், அதுவும் குறுகிய காலத்துக்கு வைத்தால் அந்த 1,500 அதே 1,500ஆக நிற்பதால் இன்னும் அதிகம். வங்கியிலும் கட்டணம் இருந்தால் இதே மாதிரிச் சேர்க்க வேண்டும், ஒரு பக்கத்துக்குச் சேர்த்து மற்றப் பக்கத்துக்கு விட்டால் கணக்கு நியாயமாக இருக்காது.

விளம்பரப் பலகையில் இன்னொரு விதம் பார்த்திருப்பீர்கள், முதல் மூன்று மாதம் நூற்றுக்கு ஒன்று, பிறகு இரண்டு. பலகையில் அந்த "ஒன்று" பெரிசாக இருக்கும், "பிறகு" சின்னதாக இருக்கும். உங்கள் ஐந்து மாதமும் நாலு நாளும் அதில் 3 + 6 = 9 வீதம், 27,000 ரூபா, வருட வீதம் 21.2. இங்கே 12ஆல் பெருக்க எந்த மாதத்து வட்டியை எடுப்பது என்றே தெரியாது, அதனால்தான் மொத்த ரூபாவில் இருந்து தொடங்கச் சொல்கிறேன். மூன்று மாதம் தாண்டினால் கூடின வட்டி நாலாம் மாதத்தில் இருந்தா அல்லது முதல் நாளில் இருந்தே திருப்பிப் போடுவார்களா என்பதையும் கேட்க வேண்டும், திருப்பிப் போட்டால் 12 வீதம், 36,000 ரூபா ஆகிவிடும்.

ஆகவே இரண்டு இடத்திலும் வீதத்தைக் கேட்காதீர்கள். கவுண்டரில் இப்படிக் கேளுங்கள்: "ஒக்டோபர் 10இல் மூன்று லட்சம் எடுக்கிறேன். கழிவெல்லாம் போக என் கையில் எவ்வளவு தருவீங்க? மார்ச் 14இல் வந்து மீட்டால் மொத்தம் எவ்வளவு கட்ட வேணும்?" இரண்டே தொகை. சீட்டுப் போடுகிறவர் கல்குலேட்டரில் தட்டிச் சொல்வார், அதை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இரண்டு தொகையும் 155உம் இருந்தால் சூத்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தொகை சொல்லத் தயங்கி, "மாசம் ஒன்றேகால்தான் தம்பி, பயப்படாதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் நான் அந்தக் கவுண்டரில் நகையை வைக்க மாட்டேன். சீட்டு கைக்கு வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் நிறை, கரட், மதிப்பு, முற்பணம், மீட்க வேண்டிய திகதி இதெல்லாம் இருக்கும். மாதத்தை எப்படி எண்ணுகிறார்கள், தவணை தாண்டினால் என்ன, எப்போது ஏலத்துக்குப் போகும் என்ற விதியெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எல்லைக்கோடும் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி, உரிமம் பெற்ற வங்கிகள் நகை அடகுக்கு வருடத்துக்கு 18 வீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அது வங்கிகளுக்கான உத்தரவு. ஊரில் இருக்கும் அடகுக்கடைகள் அடகு பிடிப்போருக்கான தனிச் சட்டத்தின் கீழ் வருகிறவை. கடை சொல்லும் வட்டியை வருட வீதமாக்கும்போது 18ஐத் தாண்டினால், வங்கிகளுக்கு அன்று போட்ட உச்சத்துக்கு மேலே போகிறோம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். மேலே கட்டணத்தோடு வந்த 19.2 அப்படித் தாண்டிய ஒன்று.

கடைசியாக மச்சானுடைய கூட்டு வட்டி. மார்ச்சில் விளைச்சல் சரியில்லை, மீட்க முடியவில்லை என்று வையுங்கள். அப்போது இரண்டு வழி. சேர்ந்த வட்டியைக் கையில் இருந்து கட்டிச் சீட்டைப் புதுப்பித்தால் முதல் மூன்று லட்சமாகவே நிற்கும். கட்டக் காசில்லாமல், பவுண் விலை ஏறியிருக்கிறது என்று அந்த வட்டியையும் சேர்த்துப் புதுச் சீட்டு எழுதினால் அங்கேதான் வட்டிக்கு வட்டி தொடங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை அப்படி எழுதினால் முதல் வருட முடிவில் 345,000, இரண்டாம் வருட வட்டி 45,000 இல்லை, 51,750. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதினால் 15 வீதம் 15.6 ஆகும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 15.9, மாதா மாதம் எழுதினால்தான் மச்சானுடைய 16.08. அதோடு, புதுச் சீட்டு எழுதும் நாளில் பழைய சீட்டின் கணக்கை முடிப்பார்கள், அங்கேயும் ஓரிரு நாள் கூடினால் ஒரு முழு மாத வட்டி போகும். புதுப்பிக்கத்தான் வேண்டும் என்றால் 10ஆம் திகதிக்கு முதல் போங்கள், 12ஆம் திகதி போகாதீர்கள். 10ஆம் திகதி ஞாயிறாகவோ போயாவாகவோ இருந்தால் கடை திறக்குமா, திறக்காவிட்டால் அடுத்த நாள் வந்தால் கூட மாதம் போடுவார்களா என்பதையும் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.